8.30 என்றால் எட்டரை மணி நேரமா?

ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு தினமும் வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். பெங்களூரு எல்லைக்குள் சம்பளம், தமிழ்நாட்டு எல்லைக்குள் வீட்டு வாடகை. ஷிப்ட் 9 மணிக்கு என்றாலும் ஓசூர் ரோட்டின் நெரிசல் யார் கடிகாரத்தையும் மதிப்பதில்லை. அதனால் பஞ்ச் நேரங்கள் 8:52, 9:05, 8:58 என்று முழுமைக்கு வராத எண்களாகவே விழும். சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அதற்குச் சம்பளம் கிடையாது. வாரக் கடைசியில் காண்ட்ராக்டர் கொடுக்கும் சீட்டின் அடியில் வாரத்தின் மொத்த மணி நேரமாக ஒரே ஓர் எண் இருக்கும். இந்தக் கட்டுரைக்காக நான் போட்டுக்கொண்ட உதாரணத்தில் அந்த எண் 47.79.

இதைப் பார்க்கும் ஆப்பரேட்டருக்கு முதலில் தோன்றுவது, "அண்ணே, நிமிஷம் 60க்கு மேல எப்படிண்ணே போகும்?" என்பதுதான். "அது பாயிண்ட் கணக்குப்பா" என்று டைம் ஆபீஸ்காரர் சொல்வார். அதாவது 47 மணி நேரமும் அதற்கு மேல் நூற்றில் 79 பங்கும் என்கிறார். பதில் கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 47.79 அந்தக் கணக்கிலும் சேராது, மணி-நிமிடக் கணக்கிலும் சேராது. இரண்டும் கலந்த ஒரு கலவை அது. எப்படிக் கலந்தது என்று பார்த்தால், பஞ்ச் நேரத்தைச் சம்பள மணியாக மாற்றுவதில் நடக்கும் பெரும்பாலான தப்புகள் அந்த ஒரே இடத்தில் பிடிபட்டுவிடும்.

வேர் நம் எழுத்துப் பழக்கத்தில் இருக்கிறது. தமிழில் நேரத்தைப் புள்ளி வைத்து எழுதியே வளர்ந்தவர்கள் நாம். பத்திரிகையில் "காலை 8.30 மணிக்கு", கல்யாணப் பத்திரிகையில் "7.30 முதல் 9.00 வரை". போதாக்குறைக்கு, கணினி விசைப்பலகையின் வலது பக்கம் எண்கள் மட்டும் இருக்கும் பகுதியில் புள்ளி உண்டு, முக்காற்புள்ளி கிடையாது. நூறு பேருடைய பஞ்ச் நேரத்தைத் தட்டுகிறவர் 8:52க்கு பதில் 8.52 என்று தட்டுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. படிக்கிற மனிதருக்கு இரண்டும் ஒன்றே. கால்குலேட்டருக்கு 8.52 என்பது எட்டும் நூற்றில் ஐம்பத்திரண்டும். பிரச்சினை அங்கே ஆரம்பமாகிறது.

உதாரண ஆப்பரேட்டரின் ஒரு வாரம் இது, முதலில் வந்த நேரம், அடுத்து போன நேரம்:

```
திங்கள்    8:52   17:40
செவ்வாய்   9:05   18:50
புதன்      8:58   18:05
வியாழன்    9:00   17:45
வெள்ளி     9:02   18:30
சனி        9:04   13:10
```

திங்கட்கிழமையை எடுப்போம். கால்குலேட்டரில் 17.40 கழித்தல் 8.52 என்று போட்டால் 8.88 வரும். சாப்பாட்டுக்கு 0.30 கழித்தால் 8.58. சீட்டில் அன்றைக்கு 8.58 என்று ஏறிவிடும். ஆப்பரேட்டர் அதை எட்டு மணி ஐம்பத்தெட்டு நிமிடம் என்று படிப்பார். சம்பளம் போடுகிறவர் 8.58ஐ ஒரு மணி நேரக் கூலியால் பெருக்குவார். இரண்டு பேரும் தப்பு.

சரியான வழியில், இரண்டு நேரத்தையும் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று மாற்றிக்கொள்ள வேண்டும். 17:40 என்பது 17ஐ 60ஆல் பெருக்கி 40 கூட்டினால் 1060 நிமிடம். 8:52 என்பது 532. வித்தியாசம் 528. சாப்பாட்டு நேரம் 30 போனால் 498 நிமிடம். இது 8 மணி 18 நிமிடம். 60ஆல் வகுத்தால் 8.30. ஆக, உண்மையான பாயிண்ட் கணக்கில் அன்றைய எண் 8.30. அதையும் ஒருவர் எட்டரை மணி நேரம் என்று படித்துவிடலாம் என்பதுதான் இந்தத் தலைப்பின் வம்பு.

நிமிடமாக மாற்றப் பேனா வேண்டாம் என்கிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது கழிக்க மாட்டார், ஏற்றிக்கொண்டே போவார் அல்லவா? அதேபோல 8:52லிருந்து 9:00க்கு 8 நிமிடம், 9:00லிருந்து 17:00க்கு 8 மணி நேரம், அதற்கு மேல் 40 நிமிடம். மொத்தம் 8 மணி 48 நிமிடம். அரை மணி போனால் 8 மணி 18 நிமிடம். தன் சீட்டைத் தானே சரிபார்க்க நினைக்கிற தொழிலாளிக்கு இதுதான் வசதி; பஸ்ஸில் நின்றுகொண்டே மனசுக்குள் போட்டுவிடலாம். நிமிடத்தைப் பாயிண்டாக்க ஒரு விஷயம் நினைவிருந்தால் போதும்: 6 நிமிடம் 0.1 மணி நேரம். அப்படியானால் 18 நிமிடம் 0.3, 15 நிமிடம் 0.25, 3 நிமிடம் 0.05.

இனி கால்குலேட்டர் வழியில் எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்கலாம். பள்ளியில் கடன் வாங்கிக் கழித்தல் படித்திருப்போம். 40லிருந்து 52 போகாது, பக்கத்திலிருந்து ஒன்று கடன் வாங்க வேண்டும். நேரத்தில் அந்த ஒன்று 60 நிமிடம். கால்குலேட்டரோ அதை 100 என்று வாங்குகிறது. எனவே கடன் வாங்கும் ஒவ்வொரு முறையும் 40 கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. 8.48 வர வேண்டிய இடத்தில் 8.88 வந்தது அதனால்தான்.

இது முதல் பிசகு, தொழிலாளிக்குச் சாதகமானது. இரண்டாவது பிசகு எதிர்த் திசையில் வேலை செய்கிறது. விடையில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடம். அதை நூற்றில் ஒரு பங்காக எடுத்துக்கொண்டு கூலியால் பெருக்கினால் ஒவ்வொரு நிமிடமும் 0.6 நிமிடமாகச் சுருங்கிவிடும். வியாழக்கிழமை 9:00 முதல் 17:45 வரை வேலை. கடன் வாங்கும் வேலையே இல்லை, 8.45, சாப்பாடு போக 8.15. மணி-நிமிடமாகப் படித்தால் விடை சரி, 8 மணி 15 நிமிடம்தான். ஆனால் சம்பளத்துக்கு அது 8.25ஆக இருக்க வேண்டும். 8.15ஆல் பெருக்கினால் 15 நிமிடத்தில் 6 நிமிடம் காணாமல் போகிறது.

இரண்டையும் சேர்த்தால் ஒரு விதியே கிடைக்கும். கடன் வாங்காத நாளில் தொழிலாளிக்கு நஷ்டம். ஒரு முறை கடன் வாங்கினால் 0.40 மணி, அதாவது 24 நிமிடம் சேர்ந்து, அதிலிருந்து அந்த நஷ்டம் கழியும். திங்களன்று 24 நிமிடம் சேர்ந்தது, 18 நிமிடம் சுருங்கியதில் 7 நிமிடத்துக்குச் சற்று மேல் போனது, ஏறக்குறைய 17 நிமிடம் இனாமாக வந்தது. புதன்கிழமை இன்னும் விநோதம். 18.05 கழித்தல் 8.58 என்பதில் ஒரு கடன், 9.47. உண்மையில் 9 மணி 7 நிமிடம். 7 நிமிடத்திலிருந்து 30 கழிக்க இன்னொரு கடன் வாங்கியாக வேண்டும். ஆனால் கால்குலேட்டரில் 47 அல்லவா நிற்கிறது, அது சுளுவாக 9.17 என்று காட்டிவிடும். உண்மை 8 மணி 37 நிமிடம், அதாவது 8.62. ஒரே நாளில் 33 நிமிடம் அதிகம்.

வெள்ளிக்கிழமை அதற்கு நேர்மாறு: இரண்டு பிசகும் கிட்டத்தட்டச் சமமாகி, விடை தற்செயலாக ஒரு நிமிடத்துக்குள் சரியாக வந்துவிடுகிறது. 9.28 கழித்தல் 0.30 என்றால் 8.98, உண்மை 8 மணி 58 நிமிடம், பாயிண்டில் 8.97. யாராவது மாதிரிக்கு இந்த நாளை மட்டும் எடுத்துச் சரிபார்த்திருந்தால், கணக்கு ஜோர் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார்.

சனிக்கிழமை அரை நாள். 9:04க்கு வந்தவர் 13:10க்குக் கிளம்பிவிட்டார். 4 மணி 6 நிமிடம். சாப்பாட்டு இடைவேளையே எடுக்கவில்லை, ஆனாலும் சீட்டு தன் பழக்கப்படி 0.30 கழித்து 3.76 என்று போடுகிறது. 76 நிமிடம் என்று ஒன்று கிடையாது என்பது கண்ணில் பட்டிருக்க வேண்டும். வர வேண்டியது 4.10.

வாரத்தைக் கூட்டினால் உண்மையான மொத்தம் 2849 நிமிடம், அதாவது 47 மணி 29 நிமிடம், பாயிண்டில் 47.48. சீட்டில் இருந்தது 47.79. ஒரு மணிக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4273.50 ரூபாய்க்குப் பதில் 4301.10 வருகிறது. வித்தியாசம் 27 ரூபாய் 60 காசு. யாரும் சண்டைக்குப் போகும் தொகையில்லை. இந்தத் தப்பு வருஷக்கணக்கில் பிழைத்திருப்பதற்குக் காரணமே இதுதான் என்று நினைக்கிறேன். கூடும் நாளும் குறையும் நாளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மொத்தம் பார்வைக்கு நியாயமாகவே நிற்கிறது.

சங்கதி ஓடியில், அதாவது கூடுதல் நேர வேலைக் கணக்கில் வெடிக்கும். ஓடி நாள்வாரியாகப் பார்க்கப்படுவது, அங்கே ஒரு நாள் தப்பை இன்னொரு நாள் வந்து காப்பாற்றாது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. அதைத் தாண்டினால் இரட்டைக் கூலி. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு நாள் வரம்பை 8 மணி நேரம் என்கிறது. இரட்டைக் கூலி அதிலும் உண்டு. எந்த வரம்பாக இருந்தாலும் கழித்தல் ஒன்றுதான். இங்கே 9ஐ வைத்துப் பார்க்கிறேன். நம் ஆப்பரேட்டருக்கு ஓடி உள்ள நாள் செவ்வாய் மட்டும்: 9:05 முதல் 18:50 வரை, சாப்பாடு போக 9 மணி 15 நிமிடம். கால் மணி நேர ஓடி, 0.25. சீட்டில் 9.15 என்பதால் ஓடி 0.15 என்று விழும். அவருக்குச் சேர வேண்டியதில் ஐந்தில் இரண்டு பங்கு போயிற்று. புதனன்று 9 மணியே எட்டாதவருக்கு 0.17 ஓடி எழுதப்பட்டிருக்கும். சூபர்வைசர் "புதன்கிழமை யார் உன்னை ஓடி பார்க்கச் சொன்னது?" என்று கேட்டால் அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? சொல்லப்போனால் அந்த வாரம் ஓடி பார்த்ததற்குக் குறைந்த காசும், பார்க்காததற்கு அதிகக் காசும் வாங்கியிருக்கிறார்.

சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். இதில் கணக்கைவிட விதிதான் தகராறு. 1948 சட்டப்படி, அரை மணி நேரமாவது இடைவேளை விடாமல் ஒருவரைத் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று இருந்தது. அந்த இடைவேளை வேலை நேரத்தில் சேராது. ஆனால் வந்தது முதல் போவது வரையிலான மொத்த நீட்டத்துக்கு அந்தச் சட்டம் தனியாகப் பத்தரை மணி நேரம் என்று ஓர் எல்லை வைத்திருந்தது. அதில் இடைவேளையும் சேரும். ஒரே பஞ்சிலிருந்து இரண்டு எண் எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செவ்வாயன்று நீட்டம் 9 மணி 45 நிமிடம், வேலை 9 மணி 15 நிமிடம். ஒன்றை மற்றொன்றின் கட்டத்தில் எழுதினால் கழித்தல் சரியாக இருந்தும் சீட்டு தப்பாகும்.

பல சிறு பட்டறைகளில் ஒரு நாளைக்கு இரண்டே பஞ்ச். சாப்பாட்டுக்குத் தனியாக வைப்பதில்லை, 30 நிமிடம் தானாகக் கழிக்கப்படும். இது வசதிதான், ஆனால் சனிக்கிழமை மாதிரி அரை நாளில் எடுக்காத இடைவேளையையும் கழித்துவிடும். 5 மணி நேரத்தைத் தாண்டினால்தான் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அது தீரும், ஆனால் உடனே வேறொரு கோணல் முளைக்கும். சரியாக 5 மணி நேரம் இருந்துவிட்டுப் போனவருக்கு 300 நிமிடம் முழுசாகக் கிடைக்கும். ஒரு நிமிடம் கூட இருந்தவருக்கு 301லிருந்து 30 போய் 271. கூட வேலை பார்த்தவருக்குக் குறைவு! அதனால் கழித்த பிறகு 300க்குக் கீழே இறங்காதபடி தடுக்க வேண்டும். கீழே உள்ள சூத்திரத்தில் அதைச் சேர்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்கும் பஞ்ச் வைக்கும் இடங்களில் வேறு கேள்வி: 13:02க்குப் போய் 13:27க்குத் திரும்பியவருக்கு 25 நிமிடம் கழிப்பதா, 30 கழிப்பதா? 41 நிமிடம் கழித்து வந்தால்? குறைந்தது 30, அதற்கு மேல் எடுத்தால் எடுத்த அளவு என்பதே பொதுவாகச் சிக்கலில்லாத ஏற்பாடு. எதுவானாலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மெஷினை நிறுத்த முடியாது என்று நின்ற இடத்திலேயே டப்பாவைத் திறந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டவரிடம் அந்த அரை மணியைக் கழிப்பது மட்டும் எந்த ஏற்பாட்டிலும் நியாயமாகாது. அவர் இடைவேளை எடுக்கவில்லை.

கணினியில் செய்கிறவர்களுக்கு நல்ல சேதி என்னவென்றால், எக்செல் நேரத்தை ஒரு நாளின் பின்னமாகத்தான் வைத்திருக்கிறது. நண்பகல் 12:00 அதற்கு 0.5. எனவே 8:52 என்று முறையாகத் தட்டினால் கடன் வாங்கும் தப்பு நேராது. பின்னத்தை 1440ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும். B நிரலில் வந்த நேரம், Cயில் போன நேரம், Dயில் சாப்பாட்டு நிமிடம் என்றால்:

```
E2: =ROUND(MOD(C2-B2,1)*1440,0)
F2: =IF(E2>300,MAX(300,E2-D2),E2)
G2: =F2/60
```

Eயில் இருந்த நேரம், Fஇல் வேலை நேரம், இரண்டும் நிமிடத்தில். Gயில் வருவது கூலியால் பெருக்க வேண்டிய பாயிண்ட் எண். MOD எதற்கென்றால் இரவு ஷிப்டுக்கு. 22:00க்கு வந்து மறுநாள் 6:30க்குப் போனால் வெறும் கழித்தல் எதிர்மறை எண்ணைத் தரும். MOD அதை 510 நிமிடமாகத் திருத்திவிடும். அந்த ஆறரை மணி நேரம் எந்தத் தேதியில் சேரும் என்று குழம்ப வேண்டாம்: நள்ளிரவுக்குப் பிறகு செய்த வேலையை முந்தின நாளோடு சேர்க்கச் சொல்லியிருந்தது 1948 சட்டம். ஒரே ஷிப்ட் இரண்டு நாளாகப் பிளந்து, ஓடி கரைந்துபோவதை அது தடுக்கிறது.

வாரக் கூட்டுத்தொகையை F நிரலில் நிமிடமாகவே கூட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை 60ஆல் வகுப்பது நல்லது. ஒவ்வொரு நாளையும் இரண்டு தசமத்துக்குச் சுருக்கிவிட்டுக் கூட்டினால் நம் உதாரணத்தில் 47.48க்குப் பதில் 47.49 வரும். ஒருவருக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் இரண்டு பேர் இரண்டு விதமாகக் கூட்டிவிட்டு எது சரி என்று ஒரு மத்தியானம் முழுக்க மல்லுக்கட்டுவதற்கு அந்த 0.01 போதும். மணி-நிமிடமாகவே காட்ட வேண்டுமென்றால் F நிரலின் மொத்தத்தை 1440ஆல் வகுத்து, அந்தக் கட்டத்துக்கு `[h]:mm` என்ற வடிவம் கொடுக்க வேண்டும். சாதாரண `h:mm` என்றால் 24 மணி நேரம் நிறைந்ததும் மறுபடி சுழியிலிருந்து தொடங்கும். 47:29 என்பது 23:29 என்று நிற்கும். பாதிச் சம்பளம் எங்கே போயிற்று என்று தேடுகிறவர்கள் முதலில் இந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

விரல் ரேகை மெஷின்கள் நொடியையும் பதிவு செய்யும், திரையில் காட்டாமல் இருக்கும். உள்ளே 08:52:41, 17:40:10 என்று இருந்தால் இடைவெளி 8 மணி 47 நிமிடம் 29 நொடி. சீட்டில் 8:52, 17:40 என்று பார்த்த தொழிலாளி 8 மணி 48 என்று போடுவார், கணினி 8 மணி 47 என்று போடும். யாரும் ஏமாற்றவில்லை. கழிப்பதற்கு முன்பே நொடியை வெட்டிவிட்டால், சீட்டில் தெரிகிற எண்களை வைத்து யார் போட்டாலும் அதே விடை வரும். அப்படிச் செய்வதுதான் முறை.

உங்கள் பட்டறையின் சீட்டு எந்த ரகம் என்று கண்டுபிடிக்க நாள்வாரி எண்களை ஒரு பார்வை பார்த்தால் போதும். புள்ளிக்குப் பின்னால் 60க்கு மேல் ஒரு தடவைகூட வராவிட்டால் அவை பெரும்பாலும் மணி-நிமிடம். அவற்றை நேராகக் கூலியால் பெருக்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். 60க்கு மேலும் வருகிறது என்றால் பாயிண்ட் கணக்காகவும் இருக்கலாம், நாம் பார்த்த கலவையாகவும் இருக்கலாம். டைம் ஆபீஸ்காரர் அதைப் பிரித்தறிய ஒரு வரி சேர்த்தால் போதும்: சாப்பாடு கழிக்காமல், வந்த நேரம் 8:59, போன நேரம் 9:01. சரியான கணக்கு 2 நிமிடம் என்றோ 0.03 என்றோ சொல்லும். கலவைக் கணக்கு 0.42 என்று சொல்லும். 8.59 என்று புள்ளி வைத்துத் தட்டியதை நேரமாகக் காட்டும் கட்டம் என்றால் அது 14:09 என்று காட்டும்; காலையில் வந்தவர் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்ததாகப் பதிவாகியிருந்தால் அந்த வரியை அழித்துவிட்டு முக்காற்புள்ளியோடு மறுபடி தட்ட வேண்டியதுதான்.